வாசிப்பு வட்டத்துக்கு ஒருமுறை போய்விட்டு, உறுப்பினராகாமல் விலகுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு வீட்டு முகப்பில் கூடும் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போய் உட்கார்ந்தீர்கள். பலகாரம் வந்தது, புத்தகம் பேசினார்கள், கிளம்பும்போது "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார்கள். உங்களுக்கோ சேர விருப்பமில்லை. இந்த வழிகாட்டி அந்த ஒரு நிலைமைக்கானது. இசைக்குழு, தோட்டக்குழு, கோலக்குழு என்று எதுவானாலும் முறை பெரும்பாலும் இதேதான். வாசிப்பு வட்டத்தில் மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கையில் அவர்களுடைய புத்தகம் இருக்கும்.

மறுப்பதில் தவறு ஏதுமில்லை, அதைப் பெரும்பாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதும் இல்லை. மனக்கசப்பு வருவது வரிசை மாறும்போதுதான். புதியவர்களில் பலர் முதலில் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறுகிறார்கள், பிறகு ஒருங்கிணைப்பாளரின் அழைப்பை எடுக்காமல் விடுகிறார்கள், புத்தகத்தை வேறொருவர் கையில் கொடுத்தனுப்புகிறார்கள். அழைத்துப்போனவருக்கு விஷயம் கடைசியில், அதுவும் மூன்றாமவர் வாயால் தெரிகிறது. கீழே சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிரானது.

1. அந்த மாலையில் என்னவெல்லாம் ஒட்டிக்கொண்டது என்று கணக்கெடுங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஆறு இடங்களில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கலாம். வருகைப் பதிவேடு, வாட்ஸ்அப் குழு, இரவல் வாங்கிய புத்தகம், கட்டிய சந்தா, அடுத்த கூட்டத்தில் பேசுவோர் பட்டியல், வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்த பலகாரப் பாத்திரம். ஆறும் இருக்கும் என்றில்லை. ஆனால் எது இருக்கிறது, எது இல்லை என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

காரணம் எளிது. விலகுவதாகச் சொன்ன பிறகு ஒன்று மிச்சமிருந்தால், அதை முடிக்க மறுபடி தொடர்புகொள்ள வேண்டியிருக்கும். ஒவ்வொரு தொடர்பும் "ஏன் வரலை, வந்துடுங்களேன்" என்று புதிதாகப் பேச்சைத் தொடங்க இடம் தரும். எல்லாவற்றையும் ஒரே வாரத்துக்குள் முடித்தால் ஒரே ஒருமுறைதான் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

பட்டியலில் அவசரமானது எது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பேசுவோர் பட்டியலில் பெயர் இருந்தால் அதுதான் முதல் அவசரம். "முதல் இரண்டு அத்தியாயத்தை நீங்க பேசுங்க" என்று சொன்னபோது நீங்கள் சிரித்துக்கொண்டு தலையாட்டியிருப்பீர்கள். இங்கே தலையாட்டியது ஒப்புக்கொண்டதாகவே கணக்கு.

2. கையெழுத்து எதில் போட்டீர்கள் என்று பாருங்கள்

வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து வந்ததற்கான குறிப்பு மட்டுமே. அதனால் நீங்கள் உறுப்பினர் ஆவதில்லை. அதை அடிக்கச் சொல்ல வேண்டியதுமில்லை. அன்று வந்தது உண்மைதானே.

உறுப்பினர் படிவம் வேறு. அதில் முகவரி, தொழில், சந்தாத் தொகை எல்லாம் இருக்கும். அதை நிரப்பிக் கொடுத்திருந்தால் வாய்ச்சொல் போதாது. "உறுப்பினராகச் சேர விரும்பவில்லை, என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று தேதியோடு ஒரு வரி எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவான சங்கம் உறுப்பினர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதில் ஏறிய பெயர் நீங்கள் வராததால் தானாக நீங்கிவிடாது.

மூன்றாவது வகைதான் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது. வட்டம் இன்னும் பதிவாகவில்லை, இப்போதுதான் பதியப் போகிறார்கள் என்றால், மேலே சொன்ன சட்டப்படி சங்கம் அமைக்கக் குறைந்தது 7 பேர் வேண்டும். ஆறு பேர் இருக்கும் இடத்தில் ஏழாவதாக நீங்கள் உட்கார்ந்திருந்தால், "ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க, வேற ஒண்ணுமில்லை" என்று சங்க விதிகளோடு ஒரு தாள் நீளலாம். அது வருகைக் குறிப்பு அல்ல. சங்கத்தைத் தொடங்குவோரில் ஒருவராக உங்கள் பெயர் அரசு அலுவலகத்துக்குப் போகும் தாள் அது. தாளின் தலைப்பை வாசிக்காமல் கையெழுத்திட வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், அவர்கள் பதிவு அலுவலகத்துக்குப் போகும் முன் சொல்லிவிடுங்கள். அப்போது இன்னொருவரைத் தேடிக்கொள்ள அவர்களுக்கும் நாள் கிடைக்கும்.

3. எந்த நாளில், எந்த நேரத்தில் சொல்வது

கூட்டம் முடிந்த அன்றே வாசலில் சொல்ல வேண்டாம். வீட்டுக்காரர் விருந்தோம்பலில் இருப்பார், பத்துப் பேர் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பார்கள். அங்கே "நான் சேரலைங்க" என்றால் பத்துப் பேரும் சேர்ந்து சமாதானம் சொல்வார்கள், நீங்களும் கடைசியில் "சரி, பார்ப்போம்" என்று இறங்கிவருவீர்கள். வாசலில் "போயிட்டு வர்றேன்" என்றால் போதும். அது விடைபெறும் சொல், வாக்குறுதி அல்ல. "அடுத்த மாசம் வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள் வரை தள்ளவும் வேண்டாம். மாதம் ஒருமுறை கூடும் வட்டத்தில் முதல் வாரத்திலேயே வேலை தொடங்கிவிடும். அடுத்த புத்தகத்துக்கு எத்தனை பிரதி, யார் எவ்வளவு நேரம் பேசுவது, யார் வீட்டில் கூடுவது என்று தலைகளை எண்ணித்தான் முடிவெடுப்பார்கள். சிறிய வட்டத்தில் ஒரு தலை குறைந்தாலும் கணக்கு மாறும். ஆகவே கூட்டத்துக்கு மறுநாளிலிருந்து ஏழு நாளுக்குள் சொல்லிவிடுவது நல்லது. பேசுவோர் பட்டியலில் பெயர் இருந்தால் இரண்டு நாளுக்குள்.

நேரமும் முக்கியம். பிற்பகல் 2 மணிக்கு மேல் 4 மணி வரை பெரியவர்களை அழைக்க வேண்டாம். சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும் நேரம், எழுந்து பேசுபவர் நிதானமாகப் பேசமாட்டார். காலை 10 மணிக்குமேல் அல்லது மாலை 5 மணி வாக்கில் பேசலாம். வெள்ளிக்கிழமை மாலை விளக்கு வைத்த பிறகு பணம் திருப்பித் தருவதையும் வாங்குவதையும் பல வீடுகளில் விரும்பமாட்டார்கள். சந்தா பற்றிப் பேச வேண்டியிருந்தால் அந்த நேரத்தை விட்டுவிடுங்கள்.

4. தீர்த்துவைக்க முடியாத காரணத்தைத் தேர்ந்தெடுங்கள்

பேச்சு கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: நேரமில்லை, தூரம், செலவு. மூன்றுக்கும் அவர்களிடம் தீர்வு இருக்கிறது, அதுவும் அன்பாகவே வரும்.

"ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்குங்க" என்றால், "சனிக்கிழமை வச்சுக்குவோம், உங்களுக்காக மாத்திடலாம்" என்பார்கள். ஒரு வட்டமே உங்களுக்காக நாளை மாற்றிய பிறகு மறுப்பது முன்னைவிடப் பத்து மடங்கு கடினம். "கோட்டையூர்லேருந்து வர்றது சிரமம்" என்றால், அந்த வழியாக வருகிற ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொள்வார். "சந்தா" என்று இழுத்தால், "அதெல்லாம் வேணாம், நீங்க வந்தா போதும்" என்பார்கள். மூன்றிலும் நீங்கள் சொன்ன தடை நீங்கிவிட்டது, நீங்கள் மட்டும் அதே இடத்தில் நிற்கிறீர்கள். இனிமேல் மறுத்தால் முதலில் சொன்னது சாக்கு என்று ஆகிவிடும்.

சரியான காரணம் உங்களைப் பற்றியதாகவும், உண்மையாகவும், யாரும் ஏற்பாடு செய்து மாற்ற முடியாததாகவும் இருக்க வேண்டும். வாசிப்பு வட்டத்துக்குப் பொருந்தக்கூடியவை இவை:

"நான் தனியாப் படிக்கிற ஆளுங்க. நாள் குறிச்சு ஒரு புத்தகத்தைப் படிச்சு முடிக்கிறது எனக்கு வரலை."

"படிச்சதைப் பத்திக் கூட்டத்துல பேசுறது எனக்குச் சரிப்படலைங்க. படிக்கிறதோட நிறுத்திக்கிறேன்."

"நீங்க படிக்கிற வகை வேற, நான் படிக்கிறது வேற. எனக்கு அதுல மனசு போகலை."

மூன்றாவதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் பழைய இலக்கியம் படிக்கிறார்கள், உங்களுக்குத் துப்பறியும் கதைதான் பிடிக்கும் என்றால் அப்படியே சொல்லலாம். ஆனால் அவர்கள் தேர்வு மட்டம் என்ற தொனி வந்துவிடக்கூடாது. அப்படித் தோன்றும் என்று ஐயமிருந்தால் முதல் காரணத்தையே பயன்படுத்துங்கள். எல்லா வட்டத்துக்கும் அது பொருந்தும்.

வட்டத்தில் உண்மையிலேயே குறை இருந்தால்? ஒருவரே முக்கால் மணி நேரம் பேசினார், வேறு யாருக்கும் இடமில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரே கூட்டத்துக்கு வந்தவர் அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாலையை வைத்துச் சொல்லும் குறை அரைகுறையாகவே இருக்கும், கேட்பவரும் அதைத்தான் முதலில் சொல்வார். அவர்களே வற்புறுத்திக் கேட்டால் மட்டும், ஆளைக் குறிக்காமல் ஒரு வரி: "எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் கிடைச்சா நல்லா இருக்கும்னு தோணுச்சு." அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொய்க் காரணம் கூடாது என்பது ஒழுக்கத்துக்காக மட்டும் சொல்வதல்ல. ஊர் சிறியது. ஞாயிறு மாலை மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னவரை அதே ஞாயிறு மாலை கொப்புடையம்மன் கோயில் வாசலில் பார்த்துவிடுவார்கள்.

5. அழைத்துப்போனவரிடம் முதலில் சொல்லுங்கள்

ஒருங்கிணைப்பாளருக்கு முன்பே இவருக்குத் தெரிய வேண்டும். உங்களை அந்த முகப்பில் உட்காரவைத்தது இவர் சொல்தான். "நல்லாப் படிக்கிறவங்க, தொடர்ந்து வருவாங்க" என்று உங்களைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருப்பார். நீங்கள் விலகுவது அவர் காதுக்கு வேறு வழியில் போனால், அவருடைய வாக்கு பொய்யானது போலாகும். உங்களுக்கு வட்டம் தொடர்பில்லாததாகப் போகலாம். அவரோ உங்கள் அலுவலகத்தில், தெருவில், உறவில் தொடர்ந்து இருப்பவர்.

நேரில் சொல்வது சிறந்தது. முடியாவிட்டால் தொலைபேசி. குறுஞ்செய்தி இவருக்குப் பொருந்தாது.

"ஆச்சி, கூட்டிட்டுப் போனதுக்கு ரொம்ப நன்றி. நான் உறுப்பினராச் சேரலை. தனியாப் படிச்சுத்தான் எனக்குப் பழக்கம், நாள் வச்சுப் படிக்க வரலை. ஐயாகிட்ட நானே இன்னிக்குச் சாயங்காலம் சொல்லிடுறேன். உங்களுக்கு முதல்ல தெரியணும்னு சொன்னேன்."

இந்தப் பேச்சில் கட்டாயம் இருக்க வேண்டியது "நானே சொல்லிடுறேன்" என்பது. அதைச் சொல்லாவிட்டால் அவர் உங்களுக்காகத் தூது போவதாக நினைத்துக்கொள்வார். சிலர் "நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன், நீங்க விடுங்க" என்று முன்வரவும் செய்வார்கள். ஒப்புக்கொள்ள வேண்டாம். பக்குவமாகச் சொல்லும்போது "சேரலை" என்பது "இப்ப கொஞ்சம் வேலையா இருக்காங்க" என்று மாறிவிடும். மூன்று மாதம் கழித்து வேலை முடிந்ததா என்று உங்களிடம் வந்து கேட்பார்கள்.

அவர் முகம் வாடினால் உடனே சமாதானத்துக்காக இன்னொரு கூட்டம் வருவதாகச் சொல்லிவிடாதீர்கள். இரண்டாவது முறை போய்விட்டால் நீங்கள் புதியவர் இல்லை. மூன்றாவது முறைக்கு வரவில்லை என்றால், "வந்துட்டிருந்தவங்க நின்னுட்டாங்க" என்று ஆகும். ஒரே ஒருமுறை போனவர் மறுப்பது எல்லாருக்கும் எளிதாகப் புரியும். அந்த எளிமையை இழக்க வேண்டாம்.

6. ஒருங்கிணைப்பாளரிடம் பேசுங்கள்

அதே நாள் மாலை, அல்லது அதிகபட்சம் மறுநாள். இடைவெளி நீண்டால் அழைத்துப்போனவர் வழியாகவே செய்தி போய்விடும். தொலைபேசியில் இரண்டு நிமிடம் போதும். குழுவில் எல்லாரும் பார்க்கும்படி எழுத வேண்டாம். ஒருவர் "ஏன்?" என்பார், நான்கு பேர் கைகூப்பும் படம் போடுவார்கள், உங்கள் மறுப்பு பொதுவிவாதமாகிவிடும்.

பேச்சின் வரிசை இது. முதலில் நன்றி, குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லி. "கூட்டம் அருமை" என்பது வெறும் முகத்துதியாகப் படும். "அந்தக் கதையோட முடிவைப் பத்தி நீங்க சொன்னது நல்லா இருந்துச்சு" என்றால் நீங்கள் கவனித்து உட்கார்ந்திருந்தது தெரியும். அடுத்து முடிவு, ஒரே வாக்கியத்தில். பிறகு காரணம், இன்னொரு வாக்கியத்தில். கடைசியில் மிச்சமிருப்பவற்றை எப்போது முடிக்கப்போகிறீர்கள் என்பது.

முடிவைச் சொல்லும் வாக்கியத்தில் "இப்போதைக்கு", "கொஞ்ச நாளைக்கு", "பார்ப்போம்", "முயற்சி பண்றேன்" ஆகிய நான்கும் வரக்கூடாது. நாம் மரியாதைக்காகச் சேர்க்கும் சொற்கள் இவை. கேட்பவருக்கோ இவை திறந்திருக்கும் கதவு. "நான் உறுப்பினராச் சேரலைங்க ஐயா" என்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. "ங்க"வும் "ஐயா"வும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

இதற்குப் பெரும்பாலும் மூன்று விதமான பதில்கள் வரும்.

"பேச வேணாம், சும்மா வந்து உட்காருங்க." இதற்குப் பதில்: "நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா நான் முடிவு பண்ணித்தான் சொல்றேன்." புதிய காரணம் எதையும் சேர்க்க வேண்டாம். இரண்டாவது காரணம் சொன்னால் முதலாவது போதவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகும்.

"பெயர் மட்டும் இருக்கட்டும், முடிஞ்சப்ப வாங்க." கேட்க இதமாக இருந்தாலும் மூன்றில் சிக்கலானது இதுதான். பெயர் இருந்தால் அடுத்த ஆண்டுச் சந்தாவும் உங்களைத் தேடி வரும், பிரதிக் கணக்கில் உங்களுக்கும் ஒன்று வாங்குவார்கள், யார் வரவில்லை என்ற பேச்சில் உங்கள் பெயரும் வரும். பதிவான சங்கமாக இருந்தால் பொதுக்குழுவுக்கு எத்தனை பேர் வரவேண்டும் என்ற கணக்கிலும் வராத உங்கள் பெயர் சேரலாம். "பேரும் வேணாங்க ஐயா, வராத ஆள் பேர் இருந்தா உங்களுக்குத்தான் கணக்கு இடிக்கும்" என்று சொல்லலாம். உண்மையும் அதுதான்.

"எங்ககிட்ட ஏதும் குறையா?" இதற்கு உடனே, தயங்காமல், "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உங்கள் காரணத்தை அதே சொற்களில் மறுபடி சொல்லுங்கள். இந்த இடத்தில் இரண்டு நொடி தயங்கினால், குறை இருக்கிறது என்றே முடிவுகட்டிவிடுவார்கள்.

பேசி முடித்ததும் அவருடைய தனி எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "ஐயா, பேசியபடி நான் உறுப்பினராகச் சேரவில்லை. புத்தகத்தைப் புதன்கிழமை கொண்டுவந்து தருகிறேன். நன்றி." பேச்சில் சொன்னது மறந்துபோகும். செய்தி இருந்தால், அடுத்த மாதப் பட்டியல் போடும்போது அவருக்கே உதவும்.

7. புத்தகம், பாத்திரம், பணம்

புத்தகத்தை நீங்களே நேரில் கொடுங்கள். இரவல் பதிவேடு இருந்தால் உங்கள் வரிக்கு எதிரே திருப்பிய தேதியை எழுதவைத்துவிட்டு வாருங்கள். பழைய புத்தகமாக இருந்தால் கொடுக்கும் முன் அட்டை, கிழிசல், உள்ளே வைத்த அடையாளத் தாள் எல்லாம் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் மறுபதிப்பே காணாத பழம்பதிப்புகள் இன்னும் இருக்கின்றன. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடிப்படையான சேகரிப்பே கோட்டையூரில் ஒருவர் தனியாகச் சேர்த்ததுதான். அப்படியொரு பிரதி கையில் இருந்தால் படித்து முடிக்கவில்லை என்பதற்காக வைத்திருக்க வேண்டாம். விலகுவதாகச் சொன்ன பிறகு கையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குக் கவலை நாள்.

பலகாரம் கொடுத்த தூக்கையோ டப்பாவையோ வெறுமனே திருப்பக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. நான்கு வாழைப்பழமோ கொஞ்சம் கற்கண்டோ போதும். பெரிதாக எதுவும் வேண்டாம். விலகுபவர் தரும் பெரிய அன்பளிப்பு சங்கடத்துக்குக் கட்டும் ஈடு மாதிரி தெரியும்.

பணத்தில் ஒரு பிரிப்பு தேவை. அன்றைய காப்பி பலகாரத்துக்குப் போட்ட தொகை அன்றோடு முடிந்தது. அதைக் கேட்கக்கூடாது. ஆண்டுச் சந்தா என்று சொல்லி வாங்கியிருந்தால் கேட்பதில் தவறில்லை, ஆனால் அதை முதல் பேச்சிலேயே நீங்களாக எடுக்க வேண்டாம். மறுப்பதே பணத்துக்காக என்று தோன்றிவிடும். புத்தகம் கொடுக்கப்போகும்போது பொருளாளரிடம் தனியாக, "அன்னிக்குக் கட்டினது ஆண்டுச் சந்தாங்களா, திருப்ப வழி இருக்கா?" என்று கேளுங்கள். ரசீது போட்டாகிவிட்டது, வங்கியில் கட்டியாகிவிட்டது என்றால் விட்டுவிடலாம். நூறு இருநூறு ரூபாய்க்கு மூன்றாவது முறை கேட்பதைவிட, "அப்ப நூலகக் கணக்குல வச்சுக்கங்க" என்று சொல்லிவிடுவதே மேல். திருப்பித் தருகிறார்கள் என்றால் எந்த எண்ணிலிருந்து கட்டினீர்களோ அதே எண்ணுக்குப் போடச் சொல்லுங்கள், அவர்கள் கணக்கு சரியாக இருக்கும்.

8. வாட்ஸ்அப் குழுவிலிருந்து கடைசியாக வெளியேறுங்கள்

மேலே சொன்னவை எல்லாம் முடிந்த பிறகுதான் இது. அதுவரை குழுவை ஒலியில்லாமல் வைத்திருங்கள். அதில் வரும் எந்த வாக்கெடுப்புக்கும், "யார் யார் வர்றீங்க" என்ற கேள்விக்கும் பதில் போட வேண்டாம்.

குழுவைத் திறந்து, மேலே பெயரைத் தொட்டு, கீழே போனால் `Exit group` இருக்கும். இப்போது வெளியேறும்போது எல்லாருக்கும் அறிவிப்பு போவதில்லை, குழு நிர்வாகிகளுக்கு மட்டுமே தெரியும். ஆனால் கடந்த 60 நாளில் வெளியேறியவர்கள் யார் என்ற பட்டியலை உறுப்பினர்கள் குழுவின் விவரப் பக்கத்தில் பார்க்க முடியும். ஆகவே சத்தமில்லாமல் போய்விட்டோம் என்று நம்ப வேண்டாம். அழைத்துப்போனவரிடம் முதலில் சொல்லச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியேறிய பிறகு நல்லெண்ணத்தில் வேறொரு நிர்வாகி உங்களை மறுபடி சேர்த்துவிடுவது உண்டு, குறிப்பாக நிர்வாகிகள் இரண்டு மூன்று பேர் இருக்கும் குழுக்களில். உடனே மறுபடி வெளியேறாமல், சேர்த்தவருக்குத் தனியாக "ஐயாகிட்ட சொல்லிட்டேங்க, நான் சேரலை" என்று எழுதிவிட்டு வெளியேறுங்கள். உங்கள் எண்ணை யார் வேண்டுமானாலும் குழுக்களில் சேர்ப்பதைத் தடுக்க `Settings` > `Privacy` > `Groups` போய் `My contacts` என்று வைக்கலாம். ஒருங்கிணைப்பாளரின் எண்ணைத் தடைசெய்ய மட்டும் வேண்டாம். மறுத்தவர் என்பது மறந்துபோகும், தடை செய்தவர் என்பது மறக்காது.

9. ஒரு நிகழ்வை முழுதாகப் பார்ப்போம்

காரைக்குடிக்கு மாற்றலாகி வந்த பள்ளி ஆசிரியை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். உடன் வேலைசெய்யும் மூத்த ஆசிரியை, அவருக்கு "அக்கா", இரண்டாம் ஞாயிறு கூடும் வட்டத்துக்கு அழைத்துப்போகிறார். ஒருங்கிணைப்பாளர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். கூட்டம் ஒரு ஆச்சி வீட்டு முகப்பில். வீடு திரும்பிய ஆசிரியையின் கணக்கு இது: வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பொருளாளர் எண்ணுக்கு ஆண்டுச் சந்தாவாக 200 ரூபாய், இரவலாக ஒரு சிறுகதைத் தொகுப்பு, அடுத்த கூட்டத்தில் 15 நிமிடப் பேச்சு, வாட்ஸ்அப் குழு, வெள்ளைப் பணியாரம் வந்த தூக்கு.

15 நிமிடப் பேச்சு இருப்பதால் காத்திருக்க முடியாது. திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் அக்காவிடம் சொல்கிறார். அக்கா, "முதல் தடவை அப்படித்தான் இருக்கும், ரெண்டு மூணு தடவை வந்தா பிடிச்சுடும்" என்கிறார். பதில்: "இருக்கலாம்க்கா. ஆனா எனக்கு ராத்திரி தனியா உட்கார்ந்து படிச்சாத்தான் படிச்ச மாதிரி. சாயங்காலம் ஐயாகிட்ட நானே பேசிடுறேன்." அக்கா மேலும் கேட்கவில்லை. காரணத்தில் சரிசெய்ய எதுவுமில்லை.

அன்று மாலை ஐந்தரைக்குப் பேராசிரியருக்கு அழைக்கிறார். நன்றி, முடிவு, காரணம் சொன்னதும், மிச்சத்தில் முதலாவதாக, "அடுத்த மாசம் எனக்குக் கொடுத்த 15 நிமிஷத்தை வேற யாருக்காவது கொடுத்துடுங்க ஐயா" என்கிறார். இதை மறந்திருந்தால் பேராசிரியர் மற்றதெல்லாம் கேட்டுக்கொண்டு, பேச்சு மட்டும் உண்டு என்று நினைத்திருப்பார். அவர் எதிர்பார்த்தபடியே "பெயர் இருக்கட்டுமே" என்கிறார். ஆசிரியை பெயரும் வேண்டாம் என்கிறார். அழைப்பு முடிந்ததும் ஒரு வரிச் செய்தி.

புதன்கிழமை மாலை ஆச்சி வீட்டுக்குப் புத்தகத்தோடும் தூக்கோடும் போகிறார். தூக்கில் வாழைப்பழம். பொருளாளர் அங்கே இல்லை, ஆகவே சந்தா பற்றி ஆச்சியிடம் பேசவில்லை. இது சரியான முடிவு. பணம் வாங்காதவரிடம் பணம் பற்றிப் பேசினால் விஷயம் வீடு வீடாகச் சுற்றும். வியாழக்கிழமை காலை பொருளாளரை அழைத்துக் கேட்கிறார், ரசீது எழுதியாகிவிட்டது என்கிறார் அவர். நூலகக் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அன்று மாலையே குழுவிலிருந்து வெளியேறுகிறார். திங்கள் தொடங்கி வியாழனில் முடிந்தது.

இதில் ஆச்சி "உள்ள வாங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்பார். போய்க் குடிக்க வேண்டும். அவசரமாகக் கொடுத்துவிட்டு ஓடினால், சொன்ன நன்றி எல்லாம் வீண்.

10. அதன் பிறகு

தெருவில், கல்லூரி விழாவில், கடைவீதியில் அதே ஆட்களைப் பார்ப்பீர்கள். முகத்தைத் திருப்ப வேண்டாம். "வட்டத்துல இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று நீங்களே கேட்கலாம். கேட்டால் மறுபடி அழைப்பார்கள் என்ற பயம் தேவையற்றது. அழைத்தால் "நான் தனியாத்தாங்க படிக்கிறேன்" என்று அதே பதிலைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். இரண்டாவது முறை அது வேடிக்கைப் பேச்சாகவே போய்விடும்.

உறுப்பினர் தேவைப்படாத பொது நிகழ்ச்சிகளுக்குப் போவதில் முரண் எதுவுமில்லை. பங்குனியில் காரைக்குடிக் கம்பன் விழாவுக்கு ஊரே வரும், வட்டத்துக்காரர்களும் வருவார்கள். அங்கே அவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். மாதாமாதம் படித்துவிட்டு வந்து பேச மாட்டேன் என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டால் சங்கடமில்லாமல் பேச முடியும்.

ஏற்கெனவே ஒன்றிரண்டு மாதம் பதில் சொல்லாமல் இழுத்துவிட்டவர்களுக்கும் இதே வரிசைதான், ஒரு மாற்றத்தோடு. ஒருங்கிணைப்பாளரிடம் பேசும்போது நன்றிக்கு முன்பு, "முன்னாடியே சொல்லியிருக்கணும், தாமதமாயிடுச்சுங்க" என்ற ஒரு வரி. தாமதத்துக்கு விளக்கம் வேண்டாம். புத்தகம் கையில் இருந்தால் தொலைபேசியில் பேசாமல், அதை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விடுங்கள். இரண்டு மாதம் தங்கிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் மறுப்பை யாரும் நீட்டி விசாரிப்பதில்லை.